வாசித்தது தெரியும், எழுத வரவில்லை

வணக்கம் ஐயா. என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். விடிய நாலு மணிக்கு எழும்பி ரியூசன் நோட்ஸை நாலைந்து தடவை வாசிப்பாள். ‘எல்லாம் தெரியும் அம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் சோதினைக்குப் போவாள். தவணைப் பரீட்சையில் உயிரியலுக்கு 43 புள்ளிதான் வந்தது. பயமா, மறதியா, மனசில் வேறு ஏதும் யோசனையா, எனக்கு விளங்கவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.
சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிள்ளை பொய் சொல்லவில்லை என்று நீங்கள் நம்புவது சரி. அன்று காலையில் அவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்திருக்கும். அந்த உணர்வு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று நாமே எடைபோடுவதை உளவியலில் மீயறிதல் என்பார்கள். மகளின் சிக்கல் அந்த எடைபோடலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஞாபகசக்தியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இதயத்தைப் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கொப்பியில் இப்படி இருக்கும்: உடலிலிருந்து வரும் குருதி வலது சோணையறைக்கு வந்து, முக்கூர் வால்வு வழியாக வலது இதயவறைக்குப் போகிறது, அங்கிருந்து சுவாசப்பை நாடியால் சுவாசப்பைக்குப் போகிறது. ஐந்தாவது தடவை வாசிக்கும்போது ‘வலது சோணையறை’ என்ற சொல்லில் கண் பட்டதும் அடுத்த சொல் தானாக வந்து நிற்கும். எங்கும் தடங்கல் இல்லை. மனம் இந்த வழுக்கலை அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் அடுத்த சொல்லைக் கொடுத்தது தாளில் இருந்த முந்தைய சொல். பரீட்சைத் தாளில் அந்தச் சொல் இருக்காது. ‘ஒட்சிசன் கூடிய குருதியைக் கொண்டுசெல்லும் நாளம் எது? இடது இதயவறையின் சுவர் ஏன் தடிப்பானது?’ என்று மட்டும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் எல்லோருடனும் சேர்ந்து தேவாரம் பாடும் பிள்ளையைத் தனியே நிற்கவைத்துப் பாடச் சொன்னால் மூன்றாவது அடியில் நின்றுவிடும் அல்லவா, அதேதான் இங்கும் நடக்கிறது.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சின்ன அறிவியல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே கட்டுரையை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்ப வாசித்தது. கணக்குப் பார்த்தால் ஒவ்வொருவரும் சராசரியாக 14 முறை வாசித்திருந்தார்கள். இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்தது, அதில் சராசரியாக மூன்று முறைக்குக் கொஞ்சம் கூட. மிச்ச மூன்று அமர்விலும் கட்டுரையை வாங்கி வைத்துவிட்டு, வெறும் தாளில் ஞாபகம் வருவதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுதான் முன்னுக்கு நின்றது: அவர்களுக்கு 83 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 வீதம். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 40 வீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதத்தில் நின்றார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு கிழமைக்குப் பிறகு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். கூட நம்பிக்கையோடு பதில் சொன்னது வாசித்த குழுதான். எழுதிப் பார்த்தவர்கள் தங்கள் ஓட்டைகளைக் கண்ணால் கண்டிருந்ததால் தயங்கினார்கள். உங்கள் மகள் ‘எல்லாம் தெரியும்’ என்று சொன்னதும் அந்த முதல் குழுவின் குரலில்தான்.

அந்த ஐந்து நிமிடக் கணக்கையும் விட்டுவிட முடியாது. காலையில் வாசித்துவிட்டுப் போய் உடனே எழுதும் ரியூசன் வகுப்புச் சோதினையில் திரும்ப வாசிப்பது பலன் தரும். அதனால் பிள்ளைக்கு இந்த முறையில் சந்தேகமே வராது. ஒரு தவணைப் பாடம் முழுவதும் சேர்ந்து வரும்போதுதான் அது கைவிடுகிறது. அப்போது பிள்ளை முறையைச் சந்தேகிப்பதில்லை, தன் மூளையைத்தான் சந்தேகிக்கும். எத்தனை பிள்ளைகள் ‘எனக்குப் படிப்பு வராது’ என்று முடிவுகட்டுவது இப்படித்தான்! எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? முதல் வாசிப்பு விளங்கிக்கொள்வதற்கு. அதில் அவசரம் வேண்டாம். விளங்காத பாடத்தை இரண்டாம் தடவை வாசிப்பதிலும் தவறில்லை. விளங்கிய பிறகு, அடுத்த நாள், கொப்பியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெறும் தாளை எடுத்து இதயத்தின் நாலு அறைகளையும் கீறி, குருதி போகும் பாதையை அம்புக்குறியால் காட்டி, வால்வுகளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சுவாசப்பையிலிருந்து திரும்பும் இடத்தில் நாடியா நாளமா என்று கை நிற்கலாம். நிற்கட்டும். ஒரு நிமிடம் யோசித்து எதையாவது எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கொப்பியைத் திறந்து திருத்தட்டும். இந்தத் திருத்தலைத் தவறவிட்டால் பிழையே மனதில் ஊன்றிவிடும்.

அடுத்த நாள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெல்சன், டன்லொஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் காட்டியது இது: படித்த உடனேயே ‘இது எனக்கு ஞாபகம் இருக்குமா’ என்று எடைபோட்டால் கணிப்பு தவறும், கொஞ்ச நேரம் விட்டு எடைபோட்டால் மிகவும் சரியாக வரும். ஆனால் விடையை மறைத்து, கேள்வியை மட்டும் பார்த்து எடைபோட வேண்டும். விடையும் கண்முன் இருந்தால் நேரம் விட்டதன் பலன் பெரும்பாலும் போய்விடும் என்று அவர்களே அடுத்த ஆய்வில் கண்டார்கள்.

பாஸ்ட் பேப்பர் செய்யும்போதும் இதைக் கவனியுங்கள். கேள்வியை வாசித்து, உடனே புள்ளித்திட்டத்தைப் பார்த்து, ‘ஓம், இதுதானே’ என்று தலையாட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் நிறையப் பேர். பத்து வருடப் பேப்பரை அப்படி முடித்தாலும் அதுவும் வாசிப்புத்தான். பல்தேர்வு வினா என்றால் தெரிவுகளைக் கையால் மூடிக்கொண்டு விடையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அமைப்புக் கட்டுரை என்றால் முழுவதும் எழுதி முடித்த பிறகே புள்ளித்திட்டத்தைத் தொட வேண்டும்.

முதல் இரண்டு கிழமை மகளுக்கு இது பிடிக்காது. முந்தி நாலு தடவை வாசித்த நேரத்தில் இப்போது அரைப் பாடம்தான் நகரும், தாளில் பாதி வெறுமையாகக் கிடக்கும், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று அழவும் கூடும். அந்த வெறுமை முன்னரும் இருந்ததுதான் என்று சொல்லுங்கள். நீங்கள் உயிரியல் படித்திருக்கத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ‘நேற்றுப் படித்ததைச் சொல்லு’ என்று கேளுங்கள். அவள் விட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மற்ற நாள் நாலு மணிக்கு எழும்பும்போது அந்தக் கோடுகளிலிருந்து தொடங்கட்டும்.