ஊதிய நிர்ணயப் பிழை: கடிதம் எங்கிருந்து தொடங்க வேண்டும்

"பதவி உயர்வின்போது ஊதியத்தைக் குறைவாக நிர்ணயித்துவிட்டார்கள். கல்வி இயக்ககத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. நிலுவையை எப்படிக் கேட்பது?"

ஐயா, இன்றைய ஊதியத்தை விடுங்கள். பணிப்பதிவேட்டில் முதல் தவறு எந்தப் பதிவில் நுழைந்தது என்று தேடுங்கள். பதவி உயர்வுக்கு முந்தைய நாளின் ஊதியத்துக்கு ஒரு ஊதிய உயர்வு சேர்த்து, பிறகுதான் புதிய பதவியின் ஊதிய நிலையில் பொருத்த வேண்டும். பெரும்பாலும் அந்த ஒரு உயர்வுதான் விடுபட்டிருக்கும். அல்லது அடுத்த ஊதிய உயர்வு நாளிலிருந்து நிர்ணயிக்கக் கோரிய உங்கள் விருப்பக் கடிதம் பதிவாகாமல் போயிருக்கும்.

கடிதத்தில் அந்தப் பதிவின் பக்க எண், தேதி, அதில் இருக்கும் தொகை, இருக்க வேண்டிய தொகை ஆகியவற்றை எழுதி, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை இணையுங்கள். "விதிப்படி வழங்குக" என்று மட்டும் எழுதினால் போதாது.

நிலுவையை மாதவாரியாகப் போடுங்கள். அடிப்படை ஊதியத்தில் 1,100 ரூபாய் குறைவு, அகவிலைப்படி 38 சதவீதம் என்றால் அந்த மாத இழப்பு 1,518 ரூபாய். பலர் அகவிலைப்படியை விட்டுவிடுகிறார்கள், அது வருத்தமான இழப்பு.

தலைமையாசிரியர் வழியாகவே அனுப்புங்கள். பணிப்பதிவேடு இயக்ககத்தில் இருக்காது. நேரடியாகப் போன மனு அறிக்கை கேட்டுக் கீழேதான் திரும்பும். ஒப்புகையோடு நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.