குரோட்டனுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள ஐயா,

உவர்மலையில் இருந்த எங்கள் வீட்டை விற்ற நாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். “அன்று என் மனம் உணர்ச்சிகளின் ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியது” என்ற வரியைத் தேய்ந்துபோனது என்று நண்பர் வெட்டிவிட்டார். எனக்கு உண்மையில் அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தில் என்னதான் எழுதுவது? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்பான தங்கச்சிக்கு,

அங்கே வேறு உவமை தேடாதீர்கள். ‘மனதுக்குள் சூறாவளி’ என்று போட்டாலும் குறை தீராது. ஏறி இறங்கியது என்றால் குறைந்தது இரண்டு உணர்ச்சிகள், இரண்டு வேறு நேரங்கள். எது முந்தி, எது பிந்தி, நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த வரி விழுங்கிவிடுகிறது.

நாலாம் பந்தியில், நொத்தாரிசிடம் உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, தம்பியோடு சிரித்துச் சிரித்து ரோல்ஸ் சாப்பிட்டீர்கள். ஆறாம் பந்தியில், சாவி கொடுக்கப் போன இடத்தில் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குரோட்டனுக்கு ஊற்றுகிறீர்கள். அந்தச் செடி அப்போது உங்களுடையதே இல்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். ஆனால் ஐந்தாம் பந்தியில் ரோலர் கோஸ்டர் வந்து, ஊற்றப்போகும் தண்ணீருக்கு முன்கூட்டியே விளக்கம் சொல்லிவிடுகிறது. அந்தப் பந்தி முழுவதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்:

“கையெழுத்து வைத்துவிட்டு வந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். மூன்று மணிக்குச் சாவி கொடுக்கப் போனேன். அவர்கள் வந்திருக்கவில்லை. ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் குரோட்டனுக்கு ஊற்றினேன்.”

அடுத்தது, ‘அழுகை வந்தது’ என்ற வரி. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம் சொல்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் முன் சிறுமைப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. உங்கள் அழுகை எதில் பிறந்தது? வீடு கைவிட்டுப் போனதிலா? தரகர் சுவரை விரலால் தட்டி “பழசுதானே” என்றாரே, அதிலா? தரகர்தான் காரணம் என்றால், மூன்றாம் பந்தியில் ஒரு வரியில் கடந்துபோன அந்த விரலிடம் நீங்கள் திரும்பிப் போக வேண்டும். கிணற்றடி சுருங்கிவிடும். இதை உங்களைத் தவிர வேறு யாரும் தீர்மானிக்க முடியாது.

துல்லியமாக எழுதத் தொடங்கியதும் பார்த்ததையெல்லாம் சேர்க்க ஆசை வரும். கேற்றடியில் நின்ற மானை எடுத்துவிடலாம். எங்கள் ஊரில் மான் எந்த வாசலிலும் நிற்கும், அன்றைக்கு அது உங்களை எதுவும் செய்யவில்லை. கப்பிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்களோ என்று பயந்தது மட்டும் இருக்கட்டும். ‘பயந்தேன்’ என்றே எழுதுங்கள், அதைச் சுற்றி வளைக்கத் தேவையில்லை.

மூன்று மணி என்பது நான் ஊகித்துப் போட்டது. நேரம் ஞாபகமில்லாவிட்டால் ‘பின்னேரம்’ என்று மாற்றிவிடுங்கள்.