பத்து உறுப்பு கூட்டியும் விடை குறை எண்ணாக வருவது ஏன்?

கேள்வி: e^(-5) மதிப்பைக் கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க e^x தொடரில் x = -5 என்று போட்டேன். பத்து உறுப்புகள் வரை கூட்டியதும் -1.83 என்று வந்தது. e^x ஒருபோதும் குறை எண்ணாக இருக்காது என்று தெரியும். நான் எங்கே தவறு செய்தேன்? எத்தனை உறுப்புகளோடு நிறுத்தலாம் என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: உங்கள் கூட்டலில் தவறே இல்லை. நானும் போட்டுப் பார்த்தேன், பத்து உறுப்புகளுக்கு -1.8271 வருகிறது. பதினோராவதையும் சேர்த்தால் 0.8640 ஆகிவிடும். சரியான விடை 0.0067 அளவில் இருக்கிறது. நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த வழியிலேயே தொடர்ந்து போகச் சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

e^x = 1 + x + x²/2! + x³/3! + ... என்ற தொடரில் ஒவ்வொரு உறுப்பும் முந்தையதை x/n ஆல் பெருக்கினால் கிடைப்பது. இங்கே n என்பது x-இன் அடுக்கு. x-இன் அளவு 5 என்றால், n ஐந்தைத் தொடும்வரை இந்தப் பெருக்கி 1-க்குக் கீழே இறங்காது. அதுவரை உறுப்புகள் வளர்ந்துகொண்டே போகும்: 1, 5, 12.5, 20.83, 26.04. அடுத்ததும் 26.04 தான், ஏனென்றால் அங்கே பெருக்கி சரியாக 1. அதன் பிறகுதான் சரிவு தொடங்குகிறது. பத்தாவது உறுப்பே இன்னும் 5.38 அளவில் இருக்கிறது. நாலாவது தசம இடம்வரை சரியாக வேண்டுமென்றால் 20 உறுப்புகள் எழுத வேண்டும்.

நீளம்கூடப் பெரிய சிக்கல் இல்லை. 26-ஐக் கூட்டி 26-ஐக் கழித்து, கடைசியில் 0.0067 என்ற துளியைப் பிடிக்கப் பார்க்கிறோம், அதுதான் சிக்கல். ஒவ்வொரு உறுப்பையும் நாலு தசம இடத்துக்கு எழுதினால் ஒவ்வொன்றிலும் 0.00005 வரை பிழை இருக்கலாம். இருபது வரிகளில் அது சேர்ந்து 0.0009 பக்கம்கூடப் போகலாம். பெரிய எண்களின் பக்கத்தில் அது ஒன்றுமில்லை. ஆனால் 0.0067 என்ற விடையில் அது எட்டில் ஒரு பங்குக்கு மேல். பெரிய எண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், பிழைகள் மட்டும் அப்படியே மிஞ்சும். பெரிய குறை எண்ணை இந்தத் தொடரில் நேரடியாகப் போடக்கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் என்ன செய்வது? e^(-5) என்பது 1/e^5. கீழே இருக்கும் e^5-ஐ முதலில் கண்டுபிடிப்போம். அதற்கும் x = 5 என்று போட வேண்டாம். x = 1 போட்டு e-ஐக் கண்டுபிடித்து, ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் போதும். x = 1 என்றால் பெருக்கி 1/n. அதாவது முந்தைய வரியை 2, 3, 4, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போகலாம். ஃபாக்டோரியலைத் தனியாகக் கணக்கிட வேண்டிய வேலையே இல்லை. நமக்கு ஐந்து இடம் வேண்டும், அதனால் இரண்டு இடம் கூடுதலாக, ஏழு இடத்துக்கு எழுதுகிறேன்:

```
1
1
0.5
0.1666667
0.0416667
0.0083333
0.0013889
0.0001984
0.0000248
0.0000028
0.0000003
---------
2.7182819
```

எண்களைத் தசமப் புள்ளிக்கு நேராக எழுதுங்கள். கையால் போடும்போது நான் அதிகம் பார்த்த தவறு சூத்திரத்தில் இல்லை, ஒரு பூச்சியம் நழுவிப்போவதில்தான். ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடச் சிறியதா, அதுவும் சரியான மடங்கில் சிறியதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் அது அகப்பட்டுவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். எங்கே நிறுத்துவது? கடைசியாகச் சேர்த்த உறுப்பைப் பார்க்காதீர்கள். விட்டுவிட்ட உறுப்புகளில் முதலாவதைப் பாருங்கள். அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் வேகமாகச் சுருங்குகின்றன என்பதால், விடுபட்ட மொத்தமும் அந்த முதல் உறுப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருக்கும். எவ்வளவு கொஞ்சம் என்றும் சொல்லலாம். மேலே 0.0001984 வரியோடு நிறுத்தியிருந்தால் கூட்டல் 2.7182540. விடுபட்டதில் முதலாவது 0.0000248. அதற்கு அடுத்தது அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதற்கடுத்தது இன்னும் சிறியது. எல்லாமே ஒன்பதில் ஒரு பங்காகத்தான் குறைகிறது என்று வைத்தால்கூட, மொத்தம் 0.0000248-இன் 9/8 மடங்கு, அதாவது 0.0000279. உண்மையில் விடுபட்டது 0.00002786. இந்த எல்லை எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கிறது பாருங்கள்!

இந்த எல்லைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நிறுத்தும் இடத்தில் உறுப்புகள் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டும், அதாவது n-ஆனது x-இன் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். குறை எண்ணுக்கு இன்னும் எளிது. சுருங்கத் தொடங்கிய பிறகு, பிழை எப்போதும் விடுபட்ட முதல் உறுப்பைவிடக் குறைவு. உங்கள் -1.83-க்கே இதைப் போட்டுப் பாருங்கள். விடுபட்ட முதல் உறுப்பு 2.69. ஆக, விடை -1.83-க்கும் 0.86-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. அது உண்மைதானே!

மேலே உள்ள பட்டியலில் பதினோரு வரிகளுக்குப் பின் விடுபட்டது மிகச் சிறியது, 0.00000003-க்கும் கீழே. அங்கே பிழைக்கு முக்கியக் காரணம், ஏழாவது இடத்தோடு வெட்டி எழுதியதுதான். அப்படி வெட்டப்பட்ட வரிகள் எட்டு. எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால்கூட மொத்தம் 0.0000005 அளவுக்குத்தான் போகும். ஆகவே ஐந்து இடத்துக்கு e = 2.71828 என்று உறுதியாகச் சொல்லலாம். ஆறாவது இடத்துக்கு இந்தப் பட்டியல் உறுதி தராது. 2.718281 ஆகவும் இருக்கலாம், 2.718282 ஆகவும் இருக்கலாம். ஆறாவது இடம் வேண்டுமென்றால் எட்டு இடத்துக்கு எழுதியிருக்க வேண்டும்.

சரி, இனி e^5. நாலு முறை பெருக்க வேண்டாம், இரண்டு முறை வர்க்கப்படுத்தி ஒருமுறை பெருக்கினால் போதும். 2.71828-இன் வர்க்கம் 7.38905. அதன் வர்க்கம் 54.59806. அதை 2.71828 ஆல் பெருக்கினால் 148.4128.

இதை எவ்வளவு நம்பலாம்? 2.71828 என்பது உண்மையான e-ஐவிட 0.0000018 குறைவு. அதாவது பத்து லட்சத்தில் 0.7 பங்கு குறை. அடுக்குக்கு உயர்த்தும்போது இந்தப் பங்கு அந்த அடுக்கால் பெருகும். ஐந்தாம் அடுக்கில் பத்து லட்சத்துக்குச் சுமார் 3.4 பங்கு, 148-இல் அது 0.0005. உண்மையான e^5 என்பது 148.41316, நம் விடையோடு வித்தியாசம் 0.0004-க்கும் கீழே. இடையில் எண்களை வெட்டியது இந்த முறை நமக்குச் சாதகமாக அமைந்துவிட்டது. அதை எப்போதும் எதிர்பார்க்கக்கூடாது.

கடைசி வேலை, 1-ஐ 148.4128 ஆல் வகுப்பது. 148.4128 × 0.0067 = 0.994366. மீதி 0.005634. அதை 148.4128 ஆல் வகுத்தால் 0.000038. ஆகவே e^(-5) = 0.006738. வகுக்கும்போது பிழையின் பங்கு மாறாது. இன்னும் பத்து லட்சத்தில் சில பங்குதான் பிழை, அதனால் எழுதிய நாலு இலக்கங்களும் நிற்கும்.

விடையை வேறு வழியில் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதே வழியில் திரும்பப் போட்டால் அதே தவறு திரும்ப வரும். ln 2 = 0.693147 நினைவில் இருந்தால் e^(-5)-ஐ 2-இன் அடுக்காக மாற்றலாம். 7 × 0.693147 = 4.85203, இது 5-க்கு மிக அருகில். மீதி 0.14797. ஆகவே e^(-5) = e^(-0.14797) / 128. இப்போது தொடரில் போடும் எண் மிகச் சிறியது, குறை எண்ணாக இருந்தாலும் பயமில்லை, ஏனென்றால் முதல் உறுப்பான 1 தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

```
 1
-0.147970
+0.010948
-0.000540
+0.000020
-0.000001
---------
 0.862457
```

இதை 128 ஆல் வகுத்தால் 0.006738. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன. ஆறே வரிகள், அதுவும் வர்க்கப்படுத்தும் வேலை இல்லாமல்! ln 2 தெரிந்தவர்களுக்கு இதையே முதல் வழியாகப் பரிந்துரைப்பேன். கணினி நிரல் நூலகங்களும் e^x-ஐக் கணக்கிடும்போது ln 2-இன் மடங்கைக் கழித்து எண்ணைச் சிறிதாக்கும் இதே உத்தியைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன.

அடுத்து உங்களுக்கு e^(-5.3) போல முழு எண் இல்லாத அடுக்கு வரலாம். அங்கே முழு எண் பகுதியையும் பின்னப் பகுதியையும் பிரித்துவிடுங்கள்: e^(-5) × e^(-0.3). முதலாவது கையில் இருக்கிறது. இரண்டாவதுக்குத் தொடர்: 1 - 0.3 + 0.045 - 0.0045 + 0.0003375 - 0.0000203 + 0.0000010 = 0.740818. பெருக்கினால் 0.004992. அடுக்கு -5.8 என்றால் -5-ஐயும் -0.8-ஐயும் எடுக்காமல், -6-ஐயும் +0.2-ஐயும் எடுங்கள். தொடரில் போடும் எண் 0.5-ஐத் தாண்டாமல் இருந்தால் x^6/6! வரை, அதாவது ஏழு உறுப்புகளோடு, ஐந்து தசம இடம் கிடைத்துவிடும். 0.5-க்கே விடுபட்ட முதல் உறுப்பு 0.0000016 தான்.