போத்தலைச் சுற்றி மிதக்கும் தேசிக்காய்த் துண்டுகள்: வெளிச்சமும் ஓட்டமும் ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அக்கரைப்பற்றில் வீட்டிலேயே தேசிக்காய், இஞ்சி, புதினா போட்டு சர்பத் செய்து போத்தலில் விற்கிறோம். போத்தலைச் சுற்றித் தேசிக்காய்த் துண்டுகளும் புதினா இலையும் பறப்பது போல ஒரு படம் செய்தேன். வெட்டி ஒட்டியது போலவே தெரிகிறது. எங்கே பிழை?

ஒட்டியதில் பிழை குறைவாகத்தான் இருக்கும். துண்டுகளை எப்படிப் படம் எடுத்தீர்கள் என்பதில்தான் பிழை. பெரும்பாலானோர் துண்டுகளைத் தட்டில் பரப்பி மேலிருந்து எடுத்துவிட்டு, பிறகு கணினியில் வெட்டி, திருப்பி, போத்தலைச் சுற்றி அடுக்குவார்கள். அப்படிச் செய்தால் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் சரிவராது. தட்டில் கிடந்த துண்டுக்கு வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுந்திருக்கும், போத்தலுக்கு இன்னொரு பக்கத்திலிருந்து. போதாததற்கு ஒரே துண்டை இடவலமாகப் புரட்டி இரண்டு இடத்தில் வைத்தால், வெளிச்சமும் சேர்ந்து புரண்டுவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று உடனே தெரியும்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்துகொண்டு சிறு உற்பத்தியாளர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். இந்த வேலைக்கு நான் நம்புவது ஒரே வழியைத்தான். ஒவ்வொரு துண்டையும், படத்தில் அது எங்கே மிதக்க வேண்டுமோ அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் பிடித்து வைத்து எடுக்க வேண்டும். கமராவும் விளக்கும் போத்தலும் அசையவே கூடாது. கடைசியில் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தேவையான துண்டை மட்டும் வெளியே காட்டினால் போதும். வெட்டி நகர்த்துகிற வேலையே இல்லை.

உங்கள் சர்பத்தையே எடுத்துக்கொள்வோம். போத்தலைச் சாதாரண ஒற்றை நிறப் பின்னணிக்கு முன்னால் வையுங்கள். விளக்கு போத்தலுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டால் வெளிச்சம் மென்மையாகும். வலப்பக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையை நிறுத்தினால் நிழல் பக்கம் இருண்டு போகாது. விளக்கைப் பின்னால் வைக்கச் சொல்வது தேசிக்காய்க்காகத்தான். வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவும்போதுதான் சுளைகளின் நரம்பு தெரிந்து துண்டு ஒளிரும். முன்னாலிருந்து அடித்தால் வெறும் பச்சை வட்டம்தான்.

விளக்கு எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். போத்தலிலிருந்து 60 சென்ரிமீற்றரில் விளக்கு இருக்கிறது, துண்டுகள் இரண்டு பக்கமும் 15 சென்ரிமீற்றர் தள்ளி மிதக்கின்றன என்று வையுங்கள். ஏறத்தாழ, இடப்பக்கத் துண்டு விளக்குக்கு 45-லும் வலப்பக்கத் துண்டு 75-லும் இருக்கும். தூரம் கூடும்போது வெளிச்சம் வர்க்க விகிதத்தில் குறைவதால், இடது துண்டுக்கு வலதை விட கிட்டத்தட்ட 2.8 மடங்கு வெளிச்சம் விழும். அதே விளக்கை 150 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் இந்த வித்தியாசம் ஒன்றரை மடங்காகச் சுருங்கும். இரண்டுமே இயற்கைதான், எது அழகோ அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தால் அது எந்த விளக்குக்கும் பொருந்தாது. உங்கள் படத்தில் இதுவும் நடந்திருக்கக்கூடும்.

கமராவை முக்காலியில் பூட்டி, எல்லாவற்றையும் கைமுறைக்கு மாற்றுங்கள். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாகவே இருக்க வேண்டும். குவியத்தைப் போத்தலின் லேபிளில் பூட்டிவிட்டு f/11 அளவில் எடுங்கள். முன்னால் மிதக்கிற துண்டு கொஞ்சம் மங்கினால் மங்கட்டும், அதுதான் ஆழத்தைக் காட்டும். கைபேசி என்றால் குவியத்தையும் வெளிச்சத்தையும் திரையில் அழுத்திப் பூட்டிவிட்டு, அறையை மூடி ஒரே எல்.ஈ.டி விளக்கில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் வேண்டாம். ஒரு மேகம் கடந்தாலே அடுத்த துண்டின் நிறம் மாறிவிடும்.

முதல் படம் போத்தல் மட்டும். அடுத்து, துண்டைத் தொடுவதற்கு முன், ஒரு வெள்ளை மேசைப்பந்தைத் துண்டுகள் வரப்போகிற ஒவ்வோர் இடத்திலும் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் பளிச்சென்ற பக்கம் எது, நிழல் பக்கம் எது, நிழல் எவ்வளவு கடினம் என்று பந்து அப்படியே காட்டும். பிறகு எந்தத் துண்டிலாவது சந்தேகம் வந்தால் அதே இடத்துப் பந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது துண்டுகள். 4, 5 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி, விதையை எடுத்துவிடுங்கள். அதை விட மெல்லியதாக வெட்டினால் தொய்யும், தடித்தால் வெளிச்சம் ஊடுருவாது. துண்டின் பின்னால் ஈர்க்கைக் குத்திப் பிடிக்க வேண்டாம். துண்டு ஒளி ஊடுருவுகிற பொருள், பின்னாலிருக்கும் ஈர்க்கு சுளைக்குள் ஒரு கறுப்புக் கோடாக விழும், அதைப் பிறகு அழிப்பது பெரிய பாடு. ஈர்க்கை ஓரத்துத் தோலுக்குள் மட்டும், துண்டின் தளத்திலேயே செருகுங்கள். ஈர்க்கைப் பிடிக்கிற தாங்கி எப்போதும் விளக்குக்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும். இல்லாவிட்டால் தாங்கியின் நிழல் போத்தலில் விழும். தங்கூசி நூலில் கட்டித் தொங்கவிடுவதும் நல்ல முறைதான், ஆனால் ஒற்றை நூல் என்றால் துண்டு சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு நூலில் கட்டினால் நிற்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இங்கே ஜன்னலைச் சாத்தினாலும் நூல் ஆடும், அப்போது ஈர்க்குதான் கைகொடுக்கும். புதினாவைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்து, ஒவ்வொரு இலையாக எடுங்கள். நம் வெக்கைக்கு அது சீக்கிரம் தலை சாய்த்துவிடும்.

போத்தலுக்குப் பின்னால் ஒரு துண்டை வைக்க நினைத்தால் அதைக் கட்டாயம் போத்தலோடு சேர்த்தே எடுங்கள். பானம் நிரம்பிய உருளைப் போத்தல் ஒரு வில்லை போல வேலை செய்யும். கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும் பொருள் அதன் வழியாக இடவலம் மாறி, அகலம் மாறித் தெரியும். கணினியில் துண்டைப் போத்தலுக்குப் பின்னால் செருகி மங்கலாக்கினால் இந்த வளைவு வராது. கண்ணாடிப் போத்தல் படங்களில் பொய் முதலில் பிடிபடுவது இங்கேதான்.

சரி, வெளிச்சம் முடிந்தது. அப்புறம் ஓட்டம். துண்டுகள் விழுகின்றனவா, போத்தலிலிருந்து வெடித்துச் சிதறுகின்றனவா, சுற்றி வருகின்றனவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மூன்றையும் கலந்தால் படம் குழம்பும். சர்பத்துக்கு எனக்குப் பிடித்தது சுழல்.

போத்தலைச் சுற்றி ஒரு வளையம் இருப்பதாக நினையுங்கள். கமரா சற்று மேலிருந்து பார்ப்பதால் அது தட்டையான முட்டை வடிவமாகத் தெரியும். முன்பாதி கீழே, பின்பாதி மேலே. மேலிருந்து பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்றால், முன்பாதித் துண்டுகள் இடமிருந்து வலமாகவும், பின்பாதித் துண்டுகள் வலமிருந்து இடமாகவும் போகும். பலர் தவறவிடுவது இதைத்தான். முன்னும் பின்னும் ஒரே திசையில் பறந்தால் அது சுழல் ஆகாது, பக்கக் காற்றில் அள்ளிப்போவது போலிருக்கும். புதினா இலை இருந்தால் காம்பு முன்னே, இலைப்பரப்பு பின்னே இழுபடுவதாக வைத்தால் திசை சட்டென்று புரியும். எல்லா இலைக்கும் அதே விதி. தேசிக்காய் வட்டத்துக்கு முன் பின் இல்லை, ஆகவே அதன் சாய்வுதான் பேச வேண்டும். ஒன்று முகம் காட்டட்டும், ஒன்று பாதி சாயட்டும், ஒன்று விளிம்பை மட்டும் காட்டட்டும். விளிம்பு காட்டுகிற துண்டு ஒளிராது, அதை வலிந்து வெளிச்சமாக்க வேண்டாம். ஐந்து துண்டு, நான்கு இலை போதும்.

உண்மையாகவே தூக்கிப் போட்டு எடுக்கலாமே என்று கேட்பீர்கள். 30 சென்ரிமீற்றர் விழுந்த துண்டு நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீற்றர் வேகத்தில் இருக்கும். 1/200 நொடியில் அது 12 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். குறைந்த சக்தியில் மிகக் குறுகிய நேரம் மின்னும் ஃபிளாஷ் இருந்தால் உறைய வைக்கலாம். ஆனால் துண்டு நினைத்த இடத்தில் நிற்காது, லேபிளிலும் சாறு தெறிக்கும்.

எடுத்தவற்றை போட்டோஷொப்பில் `File > Scripts > Load Files into Stack` மூலம் அடுக்குங்கள். போத்தல் மட்டும் உள்ள படம் அடியில். மற்ற ஒவ்வொன்றுக்கும் `Layer > Layer Mask > Hide All` கொடுத்து, வெள்ளைத் தூரிகையால் துண்டை மட்டும் தீட்டி வெளியே கொண்டுவாருங்கள். துண்டின் நிழலோ பிரதிபலிப்போ போத்தலிலும் மேசையிலும் விழுந்திருந்தால் அதையும் சேர்த்துத் தீட்டுங்கள். துண்டை மட்டும் எடுத்து நிழலை விட்டால் மறுபடியும் ஒட்டுவேலை ஆகிவிடும். ஈர்க்கை அழிப்பது சுலபம், அதற்கு அடியில் இருக்கும் வெறும் படம் தானே தெரியும்.

அசைவு மங்கல் வேண்டுமானால் மிகக் குறைவாகப் போடுங்கள், அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வேண்டாம். வளையத்தின் முன்னால் கடக்கும் துண்டு கமராவுக்குக் கிட்ட, குறுக்கே போகிறது, அதற்குத்தான் அதிகம். பின்னால் உள்ளதற்குக் குறைவு. இட, வல ஓரங்களில் இருப்பவை கமராவை நோக்கியோ விலகியோ போவதால் அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். `Filter > Blur Gallery > Path Blur` இல் வளையத்தின் வளைவையே கோடாக வரைந்தால் மங்கலும் வளைந்து போகும்.

முடிந்ததும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை அடுக்கைப் போட்டு, மாறுபாட்டை நன்றாகக் கூட்டிப் பாருங்கள். நிறம் போனதும், நிழல் பக்கம் மாறி நிற்கிற துண்டு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஏற்கெனவே செய்த படத்தையும் இப்படிப் பாருங்கள். புரட்டி வைத்த துண்டுகளும் வெளிச்சம் எதிர்ப்பக்கமாக விழுந்தவையும் அகப்படும், அவற்றை நீக்கிவிடுங்கள். நீக்கிய இடங்களுக்கு அந்தப் பழைய படத்தோடு புதுத் துண்டுகளைப் பொருத்த முயல வேண்டாம். கமராவும் விளக்கும் அன்றிருந்த இடத்தில் இப்போது இருக்காது. போத்தலில் தொடங்கி முழுவதையும் ஒரே அமர்வில் மீண்டும் எடுப்பதுதான் வேகமான வழி.