ஆள் பாதி, ஆடை பாதி விலை: பழமொழி எங்கே கடிக்கும்?

கேள்வி: ஒரு துணிக்கடைக்குப் பண்டிகைத் தள்ளுபடி வாசகங்களை நான்தான் எழுதுகிறேன். கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி பழமொழியைத் திருப்பிப் போட்டு ஜாலியாக எழுதச் சொல்கிறார்கள். போன தடவை, “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? தெரிந்தவர்கள் உள்ளே வாங்க” என்று போட்டேன். வாங்க வந்தவர்களே வறுத்தெடுத்துவிட்டார்கள். நகைச்சுவை என்றால் இப்படித்தானே இருக்கும்? எங்கே தப்பு?

பதில்: அந்த வரியில் கழுதை யார் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. படித்தவர் முடிவு செய்துகொண்டார். இன்னும் கடைக்குள் வராதவர், அதாவது நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவரேதான் கழுதை.

பெரும்பாலான பழமொழிகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். புத்திசாலி ஒருவர், ஏமாந்தவர் ஒருவர், கொடுப்பவர், கேட்பவர். பழமொழியைக் காதில் வாங்கியதும் ‘இதில் நான் யார்’ என்று மனசு தானாகத் தேடும். வாங்குபவருக்கு மட்டமான இடத்தைக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு அழகாக எழுதினாலும் எடுபடாது. அந்த மட்டமான இடத்தில் கடை உட்காரலாம், போன வருஷத்துச் சட்டை உட்காரலாம், கசங்கிக் கிடக்கிற அலமாரி உட்காரலாம். வாடிக்கையாளர் மட்டும் உட்காரக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செலவைப் பற்றிய நம் பழமொழிகளில் பல, சிக்கனத்தின் பக்கம் நிற்பவை. “விரலுக்கேத்த வீக்கம்”, “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” போன்றவற்றை விற்பனைக்கு இழுத்து வந்தால், படிப்பவர் மிச்சத்தைத் தானே சொல்லிப் பர்ஸை மூடிவிடுவார். பழமொழியில் பாதியைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். மீதியைப் படிப்பவர் சொல்லிக்கொள்வார்.

சரி, ஒரு வரியை எடுத்துக் கடைசி வரை போய்ப் பார்ப்போம். “ஆள் பாதி, ஆடை பாதி” எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் “ஆள் பாதி, ஆடை பாதி விலை”. இதை எழுதியவுடன் யாருக்கும் ஒரு குஷி வரும், எனக்கும் வரும். ‘பாதி’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு அர்த்தத்தை மட்டும் மாற்றுகிறோம். சொல்லைப் பிரிக்காமல் இரண்டு பொருள் வருவதைத் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் செம்மொழிச் சிலேடை என்கிறது. காளமேகத்தின் வித்தையில் நமக்கு இவ்வளவு போதும்.

இப்போது இதை வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். அவர் “ஆள் பாதி ஆடை பாதி” என்பதைப் பெரிய எழுத்தில் மேலே போடுவார். “விலை” சின்னதாகக் கீழே இறங்கும். பக்கத்தில் கையில்லாத மேல்சட்டை போட்ட ஒரு பெண்ணின் படம் வரும். முடிந்தது கதை. வரி இப்போது அந்தப் பெண்ணின் உடையைக் கிண்டல் செய்கிறது. நீங்கள் அப்படி நினைக்கவே இல்லை, ஆனாலும் போஸ்டர் அதைத்தான் சொல்கிறது. எழுத்தில் இருக்கும் சிலேடையை விடப் படத்தோடு சேர்ந்து பிறக்கும் சிலேடைதான் ஆபத்து. ஏனென்றால் எழுதுபவர் அதைப் பார்ப்பதே கடைசியில்தான். அதனால் வரியைத் தனியாக ஒப்புதல் வாங்காதீர்கள். படம், எழுத்தளவு, வரி உடைகிற இடம் எல்லாம் சேர்ந்த பிறகு வாங்குங்கள்.

இதே வரியில் இன்னொரு ஓட்டை, விலை. எல்லாத் துணியும் பாதி விலையா, அல்லது ‘50 சதவீதம் வரை’யா? ‘வரை’ என்றால் இந்த வரியைப் போடவே கூடாது. நட்சத்திரக் குறி போட்டுக் கீழே நிபந்தனை எழுதினாலும், சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் பில்லைப் பார்த்ததும் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். நான் இதை “ஆள் முழுசு, ஆடைதான் பாதி விலை” என்று மாற்றுவேன். மூல வரியின் தாளம் கொஞ்சம் போகிறது, போகட்டும். அரைகுறை உடை என்ற அர்த்தம் இதில் எட்டிப் பார்க்காது. வாங்குபவருக்கு ‘முழு ஆள்’ என்ற நல்ல இடமும் கிடைக்கிறது.

பழமொழியைத் திருப்பும்போது அதன் மரியாதையையும் கவனியுங்கள். “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது இல்லாதவரின் தன்மானத்தைச் சொல்வது. “கந்தையா? தூக்கிப் போட்டுட்டு வாங்க” என்று எழுதினால் அந்தத் தன்மானத்தை உதைக்கிறீர்கள். வீட்டில் புதுத்துணிக்குக் காசு இல்லாத பிள்ளையும் அதைப் படிக்கும். ஆனால் கசங்காத துணியை விற்கிறீர்களா? அப்படியானால் “கந்தையானாலும் கசக்கிக் கட்டு, புதுசானாலும் கசங்காமல் கட்டு” என்று எழுதலாம். முதல் பாதியைக் காயப்படுத்தாமல் இரண்டாவது பாதி விளையாடுகிறது. பழமொழிக்குள் ‘கட்டு’ என்று ஒருமையில் ஏவினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், அது பழமொழியின் குரல். அடுத்த வரி கடையின் குரல், அங்கே ‘வாங்க, பாருங்க’தான். ‘வாடா மச்சி’ என்று கடை கூப்பிட்டால் வாங்க வருகிற பெண்களுக்கு அங்கே இடமில்லை. பையன்களுக்கும் அது மாமா வேஷம் கட்டி வந்த மாதிரி இருக்கும்.

இந்தக் கந்தை வரியைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதென்றால் ஒரு கணக்கு. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான் இடம். ‘கி’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. மேலே சொன்ன கந்தை வரியில் 30 எழுத்துகள், இடைவெளியோடு சேர்த்து 58 குறியீடுகள். கடைப் பெயருக்கும் தேதிக்கும் மிச்சம் 12. அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். செயலி அறிவிப்பில் வேறு வம்பு. அங்கே வரி பாதியில் வெட்டுப்பட்டால் பூட்டிய திரையில் “கந்தையானாலும்…” என்று மட்டும் நிற்கும், பக்கத்தில் உங்கள் கடையின் பெயர்!

அப்புறம், எப்போது வாயை மூடிக்கொள்வது. பொருள் தாமதமானவருக்கு “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று அனுப்பாதீர்கள். நஷ்டம் அவருடையது, சிரிப்பு உங்களுடையது என்று ஆகிவிடும். ஊரே துன்பத்தில் இருக்கும்போதும் அப்படித்தான். 2012-இல் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியபோது, அமெரிக்கன் அப்பாரல் நிறுவனம் ‘புயலில் போரடிக்கிறதா’ என்ற தொனியில் அந்தப் பகுதி மக்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி மின்னஞ்சல் அனுப்பிக் கடும் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது. உங்கள் சிக்கல் இன்னும் சாதாரணமாக வரும்: போன வாரம் நேரம் குறித்து வைத்த செய்தி, யாரும் நிறுத்தாததால், இன்று தானாகப் போய்விடும். பண்டிகைக் காலத்தில் தினமும் காலையில் அன்றைக்குப் போகவிருக்கும் செய்திகளை ஒருவர் செய்தித்தாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுத்தும் அதிகாரமும் அவருக்கே இருக்க வேண்டும்.

அனுப்பும் முன் மூன்று பேரிடம் காட்டுங்கள். அதில் ஒருவர் உங்கள் வாடிக்கையாளரின் வயதில், ஒருவர் அவருடைய அம்மா வயதில் இருக்கட்டும். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘இதில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்’ என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் வரி இன்னும் தயாராகவில்லை.

கழுதை வரியை முதலில் எடுத்துவிடுங்கள். “அந்த வரி உங்களைக் கிண்டல் செய்தது. தப்பு எங்களுடையது, எடுத்துவிட்டோம்” என்று நேராக எழுதினால் போதும். ‘சும்மா ஜோக்குக்குத்தான்’ என்ற சமாதானம் வேண்டாம், முக்கியமாக அந்த மன்னிப்பில் சிலேடை வேண்டாம்.