எதில் எட்டு சதவீதம்?

கேள்வி: கும்பகோணத்தில் இன்டீரியர் டிசைன் வேலை செய்கிறேன். மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டுக்கு, மொத்தச் செலவில் 8 சதவீதம் என்று வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், அவருடைய அப்பாதான் இங்கே. மூன்று தடவை போய் அளவெடுத்து, ஹால், சமையலறை, பூஜையறை, படுக்கையறை நான்குக்கும் வரைபடம் போட்டேன். 14 லட்சத்துக்கு எஸ்டிமேட் அனுப்பினேன். "சரி மேடம், ஆரம்பிச்சுடலாம்" என்று மகன் வாட்ஸ்அப்பில் பதில் போட்டு, 10,000 ரூபாயும் அனுப்பினார். இப்போது என் வரைபடத்தை வைத்தே ஆசாரியிடம் வேலை வாங்குகிறார்கள். கேட்டால், "வந்து பார்த்ததுக்குத்தான் பத்தாயிரம் கொடுத்தாச்சே" என்கிறார் அப்பா. முழு 1,12,000 ரூபாயும் கேட்டு வழக்குப் போடலாமா? இனிமேல் கட்டணத்தை விசிட்டுக்கா, அறைக்கா, சதவீதமா, எப்படிப் பேசுவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வழக்குப் போடலாம். முழுத் தொகையும் கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். 8 சதவீதத்துக்குள் வரைபடமும் அடங்கும், ஆட்களைக் கூட இருந்து வேலை வாங்கி முடித்துக்கொடுப்பதும் அடங்கும். இரண்டாவது பாதியை நீங்கள் செய்யவில்லை. செய்யவிடாதது அவர்கள்தான் என்றாலும், அதனால் உங்களுக்கு மிச்சமான நேரத்தையும் செலவையும் கழித்துத்தான் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-வது பிரிவில் நஷ்டஈடு கணக்கிடுவார்கள்.

அப்பா சொல்லும் 'வந்து பார்த்த கூலி' கதைக்கு உங்கள் வங்கிக் கணக்கிலேயே பதில் இருக்கலாம். அந்த 10,000 வந்த வரியை எடுத்துப் பாருங்கள். பணம் அனுப்பும்போது மகன் குறிப்பில் 'டிசைன் அட்வான்ஸ்' என்று ஏதாவது எழுதியிருந்தால், பாக்கி உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. குறிப்பு எதுவும் இல்லையென்றாலும், 'ஆரம்பிச்சுடலாம்' என்ற செய்திக்குப் பிறகு வந்த பணம் அது. மூன்று விசிட்டும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. இந்த வரிசை உங்களுக்குச் சாதகம்.

உங்கள் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "எதில் எட்டு சதவீதம்?" என்பதுதான். நம் பக்கத்து வீடுகளில் இது சாதாரணக் கேள்வி இல்லை. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த தேக்குத் தூணும் நிலைக்கதவும் கொல்லையில் அடுக்கிக் கிடக்கும். அதை இழைத்துப் பூஜையறைக்குப் போட்டால் அந்த மரத்தின் விலை செலவில் சேருமா? ஆசாரிக்கு வாரக் கடைசியில் கையில் கொடுக்கும் கூலிக்கு எந்தப் பில் இருக்கிறது? பிளைவுட்டை மச்சான் கடையில் பாதி விலைக்கு வாங்கியதாகச் சொன்னால் எதைப் பிடித்துக் கணக்குப் போடுவீர்கள்? கட்டணத்தை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழியில்லாத ஒப்பந்தம் செல்லாது என்று 29-வது பிரிவைக் காட்டுவார்கள். 14 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 'சரி' சொன்ன அந்த ஒரு வாட்ஸ்அப் செய்திதான் உங்களைக் காப்பாற்றும். அடிப்படைத் தொகை அதுதான் என்று வாதிடலாம்.

அது எடுபடாமல் போனால் 70-வது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்துகொடுத்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் 'இது இல்லையேல் அது' என்று கேட்கலாம்.

தொகையைப் போட்டுப் பார்ப்போம். மற்ற வாடிக்கையாளர்களிடம் வரைபடத்துக்கு மட்டும் அறைக்கு 7,500, விசிட்டுக்கு 1,500 வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அறைக்கு 30,000, மூன்று விசிட்டுக்கு 4,500. அட்வான்ஸ் போக 24,500 வருகிறது. சதவீத வழியில் போனால், 1,12,000-இல் வரைபடத்தின் பங்கு 40 சதவீதம் என்று உங்கள் பழைய பில்கள் காட்டினால் 44,800; அட்வான்ஸ் போக 34,800. நோட்டீஸில் பெரிய தொகையைக் கேளுங்கள், பேச்சுவார்த்தையில் சிறிய தொகைக்குக் கீழே இறங்காதீர்கள். பழைய பில் எதுவும் இல்லையென்றால் இந்த இரண்டு எண்ணுமே வெறும் பேச்சுதான்.

நோட்டீஸ் மகனுக்கும் அப்பாவுக்கும் சேர்ந்தே போகட்டும். ஒப்புக்கொண்டது மகன், அப்பா அவர் சார்பில் நின்றவர். அப்பாவை மட்டும் பிடித்தால், "நான் எதுக்கும் கையெழுத்துப் போடலையே" என்று நழுவிவிடுவார். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும், மற்றதில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் வரைபடப்படிதான் சமையலறை எழும்புகிறது என்று காட்ட, வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பார்வையிடச் சொல்லி நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம்.

இந்தத் தொகைக்கு நேரே வழக்கில் இறங்குவதைவிட, வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுப்பதையே நான் சொல்வேன். கோர்ட் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். ஆகாவிட்டாலும், வேலை முடித்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வரைபடத்தின் பதிப்புரிமை, எழுதிக்கொடுக்காத வரை உங்களுடையதுதான். நோட்டீஸில் அதை இரண்டு வரி சொல்லிவிட்டு விடுங்கள். போலீஸ் புகார் என்று மிரட்டினால் மன்னார்குடியில் அடுத்த வீட்டு வேலை கிடைக்காது.

இனிமேல் எப்படி? மூன்று முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்கு ஏற்றது. விசிட் கட்டணத்தைக் கிளம்பும் முன்பே வாங்குங்கள். வேலை உறுதியானால் அது கழியுமா, கழியாதா என்பதை அதே செய்தியில் எழுதிவிடுங்கள். வரைபடத்துக்கு அறைக்கணக்கு. ஹாலோடு சேர்ந்த சாப்பாட்டு இடம் ஒரு அறையா, இரண்டா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அறைக்கு எத்தனை தடவை திருத்தம் இலவசம் என்பதையும் சொல்லுங்கள். பாதித் தொகை வந்த பிறகே அளவு போட்ட வரைபடம் கையை விட்டுப் போகட்டும். அதுவரை படம் மட்டும் காட்டினால் போதும். வேலையைக் கண்காணிப்பதற்கு மட்டும் சதவீதம். அதுவும் முடிவில் வரும் பில்லில் இல்லை, இருவரும் கையெழுத்திட்ட எஸ்டிமேட்டில்.

இப்படிச் செய்தால் இன்னொரு தொல்லையும் போகும். பில் ஏற ஏற உங்கள் கட்டணமும் ஏறினால், விலையுயர்ந்த மைக்காவை நீங்கள் காட்டும்போதெல்லாம் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும். கடைக்காரர் தரும் கமிஷன் இருந்தால் அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வீட்டுக்காரர் சார்பில் பொருள் வாங்கிவிட்டு ரகசியமாக வாங்கிய கமிஷனை அவர் திருப்பிக் கேட்கலாம்.

எழுத்து என்றதும் பத்திரத்தாள் தேட வேண்டாம். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: "விசிட் 1,500, கழியாது. வரைபடம் அறைக்கு 7,500, நான்கு அறை, இரண்டு திருத்தம் வரை. கண்காணிப்பு, ஒப்புக்கொண்ட எஸ்டிமேட் தொகையில் 5 சதவீதம். உங்கள் சொந்த மரத்தின் மதிப்பு அதில் சேராது. வேலையை நிறுத்தினால் அதுவரை முடிந்த கட்டத்துக்கு முழுக் கட்டணம். சம்மதமா?" பணம் கொடுக்கப்போகிறவரிடமிருந்தே பதில் வரட்டும். அவர் சிங்கப்பூரில் இருந்தால் சிங்கப்பூர் எண்ணிலிருந்து.