மாரத்தானுக்கு கம்ப்ரஷன் சாக்ஸ்: ஓடும்போதா, ஓடிய பிறகா?

"முதல் முழு மாரத்தான். கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்லீவ் போட்டு ஓடினால் நேரம் குறையுமா?"

நேரத்துக்காக வாங்காதீர்கள். பெரும்பாலான ஆய்வுகளில் ஓட்ட வேகம் கூடவில்லை. சதை குலுங்குவது குறைவதால் சிலருக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை தருவது ஓடி முடித்த பிறகு அணிவதுதான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மாரத்தானுக்குப் பின் 48 மணி நேரம் கம்ப்ரஷன் சாக்ஸ் அணிந்தவர்கள், இரண்டு வாரம் கழித்து டிரெட்மில்லில் முன்பைவிட 2.6% கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்களுக்கு 3.4% குறைந்தது. ஆனால் மொத்தமே 33 பேர்தான்.

அதற்கு ஸ்லீவைவிட முழங்கால் வரையிலான சாக்ஸ் நல்லது. ஸ்லீவ் கணுக்காலோடு நின்றுவிடுவதால் பாதம் வீங்கலாம். ஷூ அளவை மட்டும் பார்க்காமல், காலையில் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை அளந்து வாங்குங்கள். அப்புறம், விரல்கள் மரத்துப்போனால் உடனே கழற்றிவிடுங்கள்.